பாதி உரையாடலில் தொடங்கும் கவிதை: குறுந்தொகையின் முதல் அடிகள் பற்றிய கேள்வி பதில்

கல்லூரி மாணவி, தஞ்சாவூர்: கவிதையின் முதல் அடியே நம்மைக் காட்சியின் நடுவில் கொண்டுபோய் நிறுத்துகிறது என்று வகுப்பில் சொல்கிறார்கள். அது எப்படி நடக்கிறது? ஒரு பாடலை வைத்து விளக்க முடியுமா?

கபிலர் பாடிய குறுந்தொகை 25-ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். ஐந்தே அடிகள்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

முதல் அடியை மட்டும் படித்துவிட்டு நிறுத்துங்கள். ஒருத்தி பேசிக்கொண்டிருக்கிறாள், அவள் பேச்சு நமக்கு முன்பே தொடங்கிவிட்டது. யாரோ ஒருவர் ஏதோ கேட்டிருக்க வேண்டும், அதற்கு அவள் "யாரும் இல்லை" என்று விடை சொல்கிறாள். கேட்டவர் யார், என்ன கேட்டார், கள்வன் என்று யாரைச் சொல்கிறாள், எந்த இடத்தில் யாரும் இல்லை என்பது எதுவும் நமக்குத் தெரியாது. அதைவிட நுட்பமான ஒன்றும் மறைந்திருக்கிறது. "இல்லை" என்பது காலம் காட்டாத சொல்லாதலால், இப்போது யாரும் இல்லை என்கிறாளா, அன்று யாரும் இல்லை என்கிறாளா என்பதைக்கூட முதல் அடியை வைத்து முடிவு செய்ய முடியாது. அது ஒரு கடந்துபோன நாள் என்பதும், அன்று நடந்தது என்ன என்பதும், பாடலின் கடைசி இரண்டு சொற்களான "மணந்த ஞான்றே", அதாவது அவன் என்னைக் கூடிய அன்று, என்பதில்தான் வெளிப்படுகின்றன.

இவ்வளவையும் மறைத்த அதே அடி ஒன்றை மட்டும் மறைக்கவில்லை. பேசுகிறவளின் மனநிலை முதல் நான்கு சொற்களிலேயே முழுமையாக வந்துவிடுகிறது. அவள் அஞ்சியிருக்கிறாள், அவன் மீது குறைபடுகிறாள், ஆனால் "கள்வன்" என்று அவள் சொல்லும் விதத்தில் உரிமையும் கலந்திருக்கிறது. செய்தியைப் பிடித்துவைத்துக்கொண்டு உணர்வை உடனே கொடுத்துவிடுவதால்தான், ஒன்றும் தெரியாத நிலையிலும் நாம் அந்தப் பேச்சைவிட்டு விலகாமல் அடுத்த அடிக்குப் போகிறோம்.

பணி நிறைவு பெற்ற தமிழாசிரியர், திருநெல்வேலி: சங்கப் பாடல்கள் எல்லாமே இப்படித்தானே தொடங்குகின்றன, ஐயா? எந்தப் பாடலிலும் பெயர் இல்லை, அறிமுகம் இல்லை. ஆகவே இதைக் கபிலரின் தனித்திறம் என்று சொல்வதைவிட அகமரபின் இயல்பு என்று சொல்வதே பொருத்தம்.

அகமரபைப் பற்றித் தாங்கள் சொல்வது சரியே. "மக்கள் நுதலிய அகனைந் திணையும் சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்" என்று தொல்காப்பியமே விதித்திருப்பதால், பெயரை மறைப்பது புலவரின் விருப்பத்தைப் பொறுத்ததன்று. ஆனால் எல்லாப் பாடல்களும் இவ்வாறே தொடங்குகின்றன என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. பெயர் இல்லாமலேயே இடத்தை விரித்துச் சொல்லி அமைதியாகத் தொடங்கும் பாடல்கள் நிறைய உள்ளன.

அதே கபிலரின் 18-ஆம் பாடல் "வேரல் வேலி வேர்க்கோட் பலவின்" என்று மூங்கில் வேலியையும் வேரில் காய்க்கும் பலாவையும் காட்டித் தொடங்குகிறது. யாரும் பேசுவதாகவே முதல் அடியில் தெரியவில்லை; வருணனை என்றுதான் நினைக்கிறோம். அடுத்த அடியில் "சாரல் நாட" என்ற விளி வந்தவுடன், அந்த வேலியும் பலாவும் எதிரில் நிற்கும் ஒருவனை அழைப்பதற்கான அடைமொழிகள் என்பதும், நாம் கேட்டுக்கொண்டிருப்பது தோழி அவனிடம் பேசும் பேச்சு என்பதும் புரிகின்றன. 25-ஆம் பாடல் இடத்தை மறைத்துக் குரலைக் கொடுக்கிறது. 18-ஆம் பாடல் குரலை மறைத்து இடத்தைக் கொடுக்கிறது. மரபு பெயரை மட்டுமே தடுத்தது. மற்றவற்றில் எதை முன்னே வைப்பது, எதைப் பின்னே தள்ளுவது என்பது ஒவ்வொரு பாடலிலும் புலவர் எடுத்த முடிவு.

வாசகர், கோயம்புத்தூர்: குறுந்தொகையின் முதல் அடி "தாமரை புரையுங் காமர் சேவடி" என்பதுதானே? அதில் காட்சி எங்கே தொடங்குகிறது?

அது தொகை நூல் முழுமைக்கும் முன்னால் வைக்கப்பட்ட கடவுள் வாழ்த்து. பாரதம் பாடிய பெருந்தேவனார் பாடியது. இங்கு நாம் பேசுவது ஒவ்வொரு தனிப்பாடலின் முதல் அடியைப் பற்றி.

தமிழ் இலக்கணம் கற்பிப்பவர், யாழ்ப்பாணம்: இந்தப் பிடித்துவைத்தலில் தமிழ்த் தொடரமைப்புக்கும் பங்கு உண்டல்லவா? பயனிலையை முதலில் நிறுத்தி எழுவாயைக் கடைசிக்குத் தள்ளும் பாடல்களைத் தாங்கள் குறிப்பிடுவீர்கள் என்று எதிர்பார்த்தேன்.

குறிப்பிட்டே ஆக வேண்டும், நினைவூட்டியதற்கு நன்றி. பேச்சிலும் எழுத்திலும் எழுவாய் முன்னும் வினை பின்னும் வருவதே நமக்குப் பழக்கம். அதைத் திருப்பிப்போட்டால், செயல் முதலில் வந்துவிடும், செய்தவர் கடைசி வரை வரமாட்டார். பாலை பாடிய பெருங்கடுங்கோவின் குறுந்தொகை 16 இதற்குச் சிறந்த சான்று.

உள்ளார் கொல்லோ தோழி கள்வர்
பொன்புனை பகழி செப்பங் கொண்மார்
உகிர்நுதி புரட்டும் ஓசை போலச்
செங்காற் பல்லி தன்துணை பயிரும்
அங்காற் கள்ளியங் காடிறந் தோரே

"நினைக்க மாட்டாரோ தோழி" என்று கேட்டுவிட்டார்கள். யார் நினைக்க மாட்டார் என்பதற்கு விடை பாடலின் இறுதிச் சொல்லில்தான் இருக்கிறது: கள்ளிக் காட்டைக் கடந்து போனவர். இடையில் உள்ள அடிகள் முழுவதும் அந்த ஒரு சொல்லுக்கு முன் நிற்கும் அடைகளே. வழிப்பறிக் கள்வர் இரும்பு முனை கொண்ட அம்பைச் சீர்செய்ய நகத்தில் வைத்துப் புரட்டும் ஓசையையும், அதைப்போலத் துணையை அழைக்கும் பல்லியின் குரலையும் கடந்துதான் நாம் அவனிடம் சேர வேண்டும். அவன் நடந்து போகும் காட்டின் அச்சத்தை நாம் முதலில் கேட்கிறோம், அதன் பிறகே அவன் வருகிறான். முதல் அடியில் "கள்வர்" என்று நின்று அடி முடிவதால், "உள்ளார் கொல்லோ" என்பதற்கு அவர்களே எழுவாயோ என்று ஒரு கணம் மயங்கவும் இடமிருக்கிறது. அந்த மயக்கம் திட்டமிட்டதா, யாப்பால் நேர்ந்ததா என்பதை என்னால் துணிந்து கூற முடியாது.

ஆய்வு மாணவர், சென்னை: தாங்கள் சொல்வது நவீன வாசிப்பு என்று தோன்றுகிறது. ஒவ்வொரு பாடலின் கீழும் அதன் சூழலைச் சொல்லும் கொளு என்ற குறிப்பு இருக்கிறது. 25-ஆம் பாடலுக்கு "வரைவு நீட்டித்தவிடத்துத் தலைமகள் தோழிக்குச் சொல்லியது" என்று யார், யாரிடம், எப்போது என்பதெல்லாம் தெளிவாகவே உள்ளன. அக்காலத்துக் கேட்போருக்குத் திணையும் துறையும் அத்துபடி. அப்படியிருக்க, எதை மறைத்ததாகச் சொல்கிறீர்கள்?

வலுவான மறுப்பு. இதற்கு என்னிடம் பாதி விடைதான் இருக்கிறது. கொளுக்கள் பாடல்களைப் பாடியவர்கள் எழுதியவை அல்ல, பின்னால் சேர்ந்தவை என்பதே பொதுவான கருத்து. ஆனால் கொளு இல்லாமலேயே கேட்போர் தலைவி, தோழி என்ற பாத்திரங்களை எளிதாக ஊகித்திருப்பார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. அவர்களுக்கு "பேசுவது யார்" என்ற கேள்வி நம்மைப் போல் உறுத்தியிருக்காது.

இருந்தாலும், கொளு தருவது பாத்திரங்களையும் பொதுச் சூழலையும் மட்டுமே. திருமணத்தை அவன் தள்ளிப்போடுகிறான் என்று அது சொல்கிறது. சாட்சி இல்லை என்ற அச்சத்தை அது சொல்லவில்லை, குருகையும் சொல்லவில்லை. "யாரும் இல்லை" என்று தொடங்கியவள், நான்கு அடிகள் தாண்டி, தினைத்தாள் போன்ற மெல்லிய பசுங்கால்களை உடைய ஒரு குருகு அங்கே இருந்ததே என்கிறாள். அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீனையே பார்த்துக்கொண்டிருந்த குருகு. இருந்த ஒரே சாட்சியும் இவர்களைப் பார்க்கவில்லை. துறை தெரிந்த கேட்போருக்கும் இந்தக் குருகு புதியதாகவே இருந்திருக்கும். பாடலை முதலில் படித்துவிட்டுக் கொளுவைப் பின்னர் படிக்குமாறு மாணவர்களுக்கு நான் சொல்வது இதனால்தான். அது பழந்தமிழரின் வாசிப்பு முறை என்று நான் உரிமை கோரவில்லை.

கவிதை எழுதும் நண்பர், மதுரை: என் கவிதை இப்படித் தொடங்குகிறது: "அரசு மருத்துவமனையின் நீண்ட தாழ்வாரத்தில் / அப்பாவின் அறுவைச் சிகிச்சை முடியக் காத்திருந்தேன் / மணி பன்னிரண்டைத் தாண்டியது / அவர் செருப்பு இன்னும் என் பையில்தான் இருக்கிறது". ஏதோ சப்பென்று இருக்கிறது. எல்லாவற்றையும் மறைத்துவிடலாமா?

எல்லாவற்றையும் மறைக்க வேண்டாம். நான்காம் அடியை முதலில் கொண்டுவந்து பாருங்கள். "அவர் செருப்பு இன்னும் என் பையில்தான் இருக்கிறது" என்ற அடியில் "அவர்" யார் என்று தெரியாது. "இன்னும்" என்பதால் முன்பே ஏதோ நடந்திருக்கிறது என்பது தெரிகிறது. அதைப் பையில் வைத்திருப்பவரின் கவலையும் தெரிகிறது. உங்கள் முதல் இரண்டு அடிகள் இடம், உறவு, காரணம் மூன்றையும் ஒப்படைத்துவிடுவதால், செருப்பு வரும்போது அதற்குச் செய்ய வேலை எதுவும் மிஞ்சவில்லை.

ஆனால் ஓர் இடர் இருக்கிறது. அந்த அடியை மட்டும் படிப்பவர் அவர் இறந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். அந்த எண்ணம் சிறிது நேரம் நீடிக்க வேண்டும் என்றால் நல்லது. வேண்டாம் என்றால் இரண்டாம் அடியிலேயே மருத்துவமனையைச் சேர்ந்த ஒரு பொருள், கையில் கசங்கும் அனுமதிச் சீட்டோ தாதியின் அழைப்போ, வந்துவிட வேண்டும். முதல் அடியை மட்டும் ஒருவரிடம் காட்டி அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். "யாருடைய செருப்பு?" என்று கேட்டால் அடி வேலை செய்கிறது. "இது எதைப் பற்றியது?" என்று கேட்டால், செய்தியோடு சேர்த்து உணர்வையும் மறைத்துவிட்டீர்கள் என்று பொருள்.

கல்லூரி மாணவி, தஞ்சாவூர்: மீண்டும் நான்தான். 25-ஆம் பாடலில் "தானது பொய்ப்பின்" என்கிறாளே, அந்த "அது" எது? கடைசி வரை சொல்லப்படவே இல்லையே.

ஆம், சொல்லப்படவில்லை. மணந்துகொள்வேன் என்று அவன் கொடுத்த வாக்கு என்று கொள்வது ஒரு முறை. அப்போது பொய்த்தல் என்பது வாக்குத் தவறுதல். அன்று நடந்ததையே அவன் இல்லை என்று மறுத்துவிடுதல் என்று கொள்வது இன்னொரு முறை. வாக்குத் தவறுகிறவனிடம் சாட்சி இருந்தாலும் பெரிய பயன் இல்லை, ஆனால் மறுக்கிறவனிடம் சாட்சி இல்லாவிட்டால் அவளுக்கு எதுவுமே இல்லை. குருகைப் பற்றி அவள் இவ்வளவு சொல்வதைப் பார்க்கும்போது என் மனம் இரண்டாவதன் பக்கமே சாய்கிறது. வாக்கு என்று கொள்வோரிடமும் நியாயம் இருக்கிறது, ஏனெனில் திருமணம் தள்ளிப்போகிறது என்ற கொளுவோடு அது நேராகப் பொருந்துகிறது. கேட்டுக்கொண்டிருக்கும் தோழிக்கு "அது" எது என்பது தெரியும்.