பாதியில் ஆங்கிலத்துக்குத் தாவினால் ‘தமிழில் பதில் சொல்’ என்றது செல்லுமா?

ஏஐ சாட்பாட்டிடம் முதலிலேயே “இனி தமிழிலேயே பதில் சொல்” என்றேன். நடுவில் ஆங்கிலத்தில் ஒன்று கேட்டதும் அதுவும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது. மறந்துவிட்டதா சார்?

பெரும்பாலும் மறந்திருக்காது. ஒவ்வொரு முறையும் உரையாடல் மொத்தமும்தான் பதில் எழுதும் ஏஐ மாடலுக்குப் போகிறது. உங்கள் முதல் வரியும் அதில் இருக்கும். ஆனால் கடைசியாக வந்த செய்தியின் மொழியிலேயே பதில் எழுதும் பழக்கம் இவற்றுக்கு அதிகம். நீளமான ஆங்கிலப் பத்தியை ஒட்டினால் அந்த இழுப்பு இன்னும் கூடும். நியாயப்படி, நீங்கள் ஆங்கிலத்தில் கேட்டதாலேயே பழைய உத்தரவு ரத்தாகாது. ஒட்டிய பத்திக்குக் கீழே “பதில் தமிழில்” என்று ஒரு வரி சேருங்கள்.

சாட் நீண்டால் எப்படியும் மறந்துவிடும். நான் ஒவ்வொரு கேள்வியிலும் “தமிழில்” என்று போட்டுவிடுவேன்.

பாதி சரி. மாடல் ஒரே நேரத்தில் பார்க்கும் அளவுக்கு ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் சில செயலிகள் பழையதை வெட்டிவிடும், சில சுருக்கி வைக்கும். ஒரே விஷயத்துக்குத் தமிழ் பொதுவாக ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன், அதாவது மாடல் எண்ணும் எழுத்துத் துண்டுகள், எடுப்பதால், வரம்பும் சீக்கிரம் வரும். சந்தேகம் வந்தால், ஆரம்பத்தில் சொன்ன வேறொன்றைக் கேட்டுப் பாருங்கள். அதுவும் தெரியவில்லை என்றால் வெட்டு விழுந்திருக்கலாம். நாலைந்து கேள்வியிலேயே மொழி மாறினால் காரணம் இதுவல்ல.

எனக்கு நேர் எதிர் பிரச்சினை. துணி ஏற்றுமதி செய்கிறேன். சரக்கு பத்து நாள் தாமதம் என்று வெளிநாட்டு பையருக்கு மெயில் எழுதச் சொன்னால், மெயிலையும் தமிழில் கொடுக்கிறது!

உங்கள் உத்தரவை அப்படியே பிடித்துக்கொண்டது. உங்களோடு பேசும் மொழி வேறு, எழுதிக் கொடுக்கும் மெயிலின் மொழி வேறு என்று பிரித்துச் சொல்லுங்கள்:

```
நான் எந்த மொழியில் எழுதினாலும் விளக்கம் தமிழில், தமிழ் எழுத்தில்.
பையருக்குப் போகும் மெயில் மட்டும் ஆங்கிலத்தில்.
```

“தமிழ் எழுத்தில்” என்பதை விடாதீர்கள். நீங்கள் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினால் அதுவும் அப்படியே தட்டும், கேட்டால், தமிழ்தானே! மெயில் வந்தபின் தேதியை மாற்றச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் வழுக்குவது அங்கேதான்: மெயிலோடு சேர்த்து விளக்கமும் ஆங்கிலமாகிவிடும். புது சாட் தொடங்கினால் இந்த வரிகள் தானாக வரும் என்று நம்ப வேண்டாம். நிரந்தரக் குறிப்பு எழுதும் இடம் செட்டிங்ஸில் இருந்தால் அங்கே போட்டுவிடுங்கள்.

ஆப்பின் மொழியையே தமிழாக்கிவிட்டேன், அது போதாதா?

மெனுவும் பட்டனும் மாறும். பதிலுக்கு அதை நம்ப முடியாது.

தமிழில் சொல் என்ற பிறகு நானே பத்து கேள்வி ஆங்கிலத்தில் கேட்டால்?

இதில் எனக்கே தீர்மானமான பதில் இல்லை. ஆள் மனம் மாறிவிட்டார் என்று எடுத்துக்கொள்வதும் நியாயம், சொன்ன சொல்லில் நிற்பதும் நியாயம். மாடலுக்கு மாடல் வேறுபடும். வெளிப்படையாக “இனி ஆங்கிலம்” என்று சொல்லிவிட்டால் மட்டும் குழப்பமில்லை, கடைசியாகச் சொன்னதுதான் செல்லும்.