அழைப்பிதழ் வேறு, கடிதம் வேறு

கேள்வி: பெரியப்பா மகனைத் தன் அக்காவின் திருமணத்துக்கு அழைத்து என் மகள் தேர்வில் கடிதம் எழுதினாள். தேதி, நேரம், இடம் எல்லாம் சரி, பிழையும் இல்லை. ஆனாலும் பாதி மதிப்பெண்தான். மாதிரிக் கடிதம் ஒன்று தருவீர்களா?

பதில்: நீங்கள் அனுப்பிய விடைத்தாள் படியைப் பார்த்தேன். 'தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து சிறப்பிக்குமாறு அன்புடன் அழைக்கிறேன்' என்று எழுதியிருக்கிறாள். அது அச்சகத்தாரின் வாக்கியம். மேலே 'தாங்கள்' என்றவள், நாலாவது வரியில் 'நீ வராவிட்டால் பேசமாட்டேன்' என்கிறாள். அண்ணனை நீ என்பதா, நீங்கள் என்பதா என்பது அவரவர் வீட்டு வழக்கம். எதுவானாலும் கடைசி வரை ஒன்றாகவே இருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய தவறு 'என் அக்காவுக்குத் திருமணம்' என்பது. பெரியப்பா மகனுக்கு அவள் யார்? அவனுக்கும் உடன்பிறந்தவள் முறைதானே! 'நம் அக்கா' என்று ஒரு சொல்லை மாற்றினாலே கடிதத்துக்கு உயிர் வந்துவிடும். அவன் விருந்தாளியும் அல்லன், வேலை செய்ய வேண்டியவன். அப்படியானால் அழைப்பு இப்படி இருக்கலாம்:

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு அனைவரும் நலம். உங்கள் நலமறிய ஆவல். நம் அக்காவின் திருமணம் ஜூலை 12-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு நடக்கிறது. மண்டபத்தின் முகவரி அழைப்பிதழில் இருக்கிறது. அதை இத்துடன் வைத்திருக்கிறேன்.

உங்களுக்குத் தேர்வு 8-ஆம் தேதியே முடிகிறது என்று பெரியம்மா சொன்னார்கள். மறுநாளே புறப்பட்டு வந்துவிடுங்கள். வருகிறவர்களை வரவேற்று உட்காரவைக்கும் பொறுப்பை அப்பா நம் இருவரிடமும் விட்டிருக்கிறார். எனக்குப் பாதிப் பேரின் முகமே தெரியாது. நீங்கள் பக்கத்தில் நின்றால் சமாளித்துவிடுவேன். 'அவன் எப்போது வருகிறான்?' என்று அக்காவும் தினமும் கேட்கிறாள்.

என்று வருகிறீர்கள் என்று உடனே எழுதுங்கள். பெரியப்பா, பெரியம்மாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை

இதில் திருமணச் செய்தி மூன்றே வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது. மற்றதெல்லாம் அந்த ஓர் அண்ணனுக்கு மட்டுமே பொருந்தும். இதையே அத்தை மகளுக்கு மாற்றி எழுதினால் இரண்டாம் பத்தி அப்படியே நிற்காது, புதிதாகத்தான் எழுத வேண்டும். மனப்பாடம் செய்த கடிதம் அகப்பட்டுக்கொள்வது அங்கேதான்.

தொடக்கத்தில் வலப்பக்கம் இடமும் நாளும் வரவேண்டும். அந்த நாள் திருமணத்துக்குச் சில வாரங்கள் முந்தியதாக இருக்கட்டும். உங்கள் மகள் போட்டிருப்பது திருமணத்துக்கு மறுநாள்! தங்கை என்பதன் கீழே வினாத்தாள் தந்த பெயரை எழுத வேண்டும், சொந்தப் பெயரை அல்ல. உறைமேல் முகவரி இறுதியில் கட்டத்துக்குள் வரும். அதில் 'அண்ணன்' என்று எழுதிவிடாதீர்கள். தபால்காரருக்கு அவர் அண்ணன் அல்லர்.