அஞ்சறைப் பெட்டியில் இது என்ன? படம் அனுப்பியவர்களுக்குப் பதில்

தருமபுரியில் நாட்டு மருந்தும் மளிகையும் சேர்ந்த கடை எங்களுடையது. இந்த வாரம் வந்த படங்களில் பாதி, மாமியார் விட்டுப்போன அஞ்சறைப் பெட்டிகள்தான். ஒன்று சொல்லிவிடுகிறேன். படத்தில் வாசனை வராது. அதனால் நான் சொல்வதை ஒருமுறை நகத்தால் நசுக்கி, முகர்ந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பிரியாணிக்குக் ‘கருப்பு சீரகம்’ போடச் சொன்னார்கள். படத்தில் இருப்பதைத்தான் போட்டேன். பிரியாணி கசந்துவிட்டது. ஏன்? (காவேரிப்பட்டணம் வாசகி)

நீங்கள் போட்டது கருஞ்சீரகம் அம்மா. அவர்கள் கேட்டது ஷாஜீரா. கடையில் ‘கருப்பு சீரகம்’ என்று கேட்டால் இரண்டில் எதையும் மடித்துக் கொடுப்பார்கள், குழப்பம் அங்கேயே ஆரம்பிக்கிறது.

உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். விதை கன்னங்கரேல் என்று, பளபளப்பில்லாமல், முக்கோணமாக மூலை மூலையாக இருக்கிறது. கோடே கிடையாது. ஷாஜீரா அப்படி இருக்காது. நம் சீரகத்தை இன்னும் மெலிய வைத்து, லேசாக வளைத்து, பழுப்பில் முக்கியெடுத்த மாதிரி இருக்கும். முதுகில் வெளிர் கோடுகள் ஓடும். உள்ளங்கையில் நான்கு விதையைக் கொட்டி, கோடு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், போதும்.

அரை கிலோ அரிசிக்கு ஷாஜீரா அரை டீஸ்பூன் போதும். பட்டை, லவங்கத்தோடு சேர்த்து எண்ணெயில் பொரிய விடுங்கள். வாங்கிய கருஞ்சீரகத்தைத் தூக்கிப் போட வேண்டாம். ஊறுகாய் தாளிக்க, ‘நான்’ ரொட்டி மேல் தூவ நன்றாக இருக்கும். கசப்பு அதன் குணம், கெட்டுப் போனது இல்லை.

பெரிய லவங்கம் போல ஒன்று இருக்கிறது, வாசனையே இல்லை. பழசாகிவிட்டதா? (ஓசூர் வாசகர்)

அது லவங்கமே இல்லை. மராட்டி மொக்கு. உங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரைக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பார், பிசிபேளாபாத் பொடியில் அது இல்லாமல் அவர்களுக்கு ஆகாது. செட்டிநாட்டுச் சமையலிலும் உண்டு. லவங்கத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு நீளம், காம்புப் பக்கம் தடித்திருக்கும். இலவ மரத்து இனத்தைச் சேர்ந்தது.

முகர்ந்தால் ஒன்றும் வராது, அதுதான் அதன் இயல்பு. சூடான எண்ணெயில் போட்டு வறுத்தபின்தான் மணம் வரும். நாலு பேருக்குச் செய்யும் பிசிபேளாபாத் பொடிக்கு ஒன்றிரண்டு போதும். லவங்கத்துக்கு மாற்றாக மட்டும் போட்டுவிடாதீர்கள், ருசி வேறு.

அன்னாசிப்பூவைக் கொதிக்க வைத்துக் குழந்தைக்கு வயிற்று உப்பசத்துக்குக் கொடுக்கலாமா? (பாலக்கோடு வாசகி)

வேண்டாம். பெட்டியில் இருப்பது எட்டு இதழ் நட்சத்திரம், ஒவ்வொரு இதழுக்குள்ளும் பளபளக்கும் ஒரு பழுப்பு விதை. குருமாவுக்கும் பிரியாணிக்கும் போடும் அன்னாசிப்பூ மாதிரிதான் தெரிகிறது. ஆனால் ஜப்பானிய அன்னாசிப்பூ என்று இதே உருவத்தில் நச்சுள்ள ஒன்று உண்டு. காய்ந்த நிலையில் இரண்டையும் கண்ணால் பிரிப்பது எங்களுக்கே கஷ்டம். அது கலந்த கஷாயத்தால் வெளிநாடுகளில் குழந்தைகளுக்கு வலிப்பு வந்திருக்கிறது. சமையலுக்கு ஒன்று போடுவது வேறு, கைக்குழந்தைக்குக் கஷாயம் வைப்பது வேறு. குழந்தையை மருத்துவரிடம் காட்டுங்கள்.

சுருள் பட்டை, தடிப் பட்டை: என் படத்தில் எது? (அரூர் வாசகர்)

தடிப் பட்டை. ஒரே தடித்த தோல், ஓரம் மட்டும் உள்ளே சுருண்டிருக்கிறது, கையால் ஒடிக்கக் கஷ்டப்படும். இலங்கைச் சுருள் பட்டை என்றால் காகிதம் காகிதமாகப் பல மடிப்பு இருக்கும், விரலால் அழுத்தினால் நொறுங்கும். குழம்புக்குத் தடிப் பட்டையே போதும். ‘சர்க்கரைக்குத் தினமும் பட்டைத் தண்ணீர் குடிக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் யோசிக்கிறேன். தடிப் பட்டையில் கூமரின் என்ற இயற்கை வேதிப்பொருள் அதிகம், அது நாள்தோறும் நிறையச் சேர்ந்தால் கல்லீரலைப் பாதிக்கலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள்.

காய்ந்த இலையில் பூசணம் பிடித்த மாதிரி சாம்பல் நிறமாக ஒன்று. எறியலாமா? (பென்னாகரம் வாசகி)

எறியாதீர்கள், அது கல்பாசி! ஒரு பக்கம் வெளிர் சாம்பல், மறு பக்கம் கறுப்பு, ஓரம் சுருண்டு கிழிந்த காகிதம் போல இருக்கும். பாறையிலும் மரப்பட்டையிலும் ஒட்டி வளர்வது, பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர். அதனால் பூசணம் போலத் தெரிவதில் தப்பில்லை.

நிஜப் பூசணத்தை எப்படித் தெரிந்துகொள்வது? பஞ்சு மாதிரி வெள்ளை அல்லது பச்சைத் தூள் மேலே படர்ந்து, தொட்டால் ஈரமாக, முகர்ந்தால் பழைய சாக்கு வாடை அடித்தால் எறிந்துவிடுங்கள். நல்லது மொறமொறவென்று உடையும். பட்டைத் துண்டும் மண்ணும் ஒட்டியிருக்கும், அதைப் பொறுக்கி, தண்ணீரில் ஒரு அலசு அலசி, வெயிலில் காய வைத்து வையுங்கள். அரை கிலோ கறிக்கு ஒரு சிட்டிகை, எண்ணெயில் முதலில் போட வேண்டும். கூடினால் குழம்பு கசக்கும்.