லாபம் இறங்கியது, இபிஎஸ் ஏறியது எப்படி?

கேள்வி: என்னிடம் கொஞ்சம் ஆப்பிள் பங்குகள் இருக்கின்றன. 2023 நிதியாண்டில் இபிஎஸ் உயர்ந்ததாகப் படித்தேன். லாபம் குறைந்துவிட்டது என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி? 'டைலூட்டட் இபிஎஸ்' என்று வேறு தனியாகப் போடுகிறார்களே, அது என்ன?

பதில்: இருவர் சொல்வதும் சரிதான். இபிஎஸ் என்பது நிகர லாபத்தைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்து வருவது. மேலே உள்ள எண் சுருங்கினாலும், கீழே உள்ளது அதைவிட வேகமாகச் சுருங்கினால் விடை பெரிதாகிவிடும்.

ஆப்பிளில் நடந்தது இதுதான். 2022 நிதியாண்டில் நிகர லாபம் சுமார் 9,980 கோடி டாலர். 2023இல் 9,700 கோடி. ஏறத்தாழ 2.8 சதவீதச் சரிவு. ஆனால் டைலூட்டட் இபிஎஸ் 6.11 டாலரிலிருந்து 6.13 ஆனது. வகுக்கும் பங்குகள் 1,633 கோடியிலிருந்து 1,581 கோடியாக, அதாவது சுமார் 3.1 சதவீதம் குறைந்திருந்தன. 2023இன் லாபத்தைப் பழைய எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்: 5.94 டாலர்தான் வரும். எந்த நிறுவனத்தின் அறிக்கையை எடுத்தாலும் நான் முதலில் போடும் கணக்கு இது.

அந்தப் பங்குகளை நிறுவனமே சந்தையில் வாங்கி ரத்து செய்துவிட்டது. பைபேக் என்பார்கள். அந்த ஓராண்டில் மட்டும் இதற்குச் செலவானது சுமார் 7,755 கோடி டாலர். இதில் மோசடி எதுவும் இல்லை. உங்கள் ஒரு பங்குக்கு உரிய லாபம் உண்மையாகவே இரண்டு சென்ட் கூடியது. ஆனால் அந்த இரண்டு சென்ட் வியாபாரத்திலிருந்து வரவில்லை, கஜானாவிலிருந்து வந்தது. பைபேக் தொகை லாப நஷ்டக் கணக்கில் செலவாக ஏறாது. பணப்புழக்க அறிக்கையில்தான் தெரியும். அந்தப் பக்கத்தைப் பலர் புரட்டுவதே இல்லை.

டைலூட்டட் இபிஎஸ், இனி பிறக்கக்கூடிய பங்குகளையும் சேர்த்து வகுப்பது. கற்பனையாக ஒரு நிறுவனம், 60 ரூபாய்க்குப் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமையை ஊழியர்களுக்கு 10 லட்சம் பங்குகளுக்குத் தந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சந்தை விலை 100 ரூபாய். எல்லோரும் உரிமையைப் பயன்படுத்தினால் நிறுவனத்துக்கு 6 கோடி ரூபாய் வரும். அதைக் கொண்டு சந்தையில் 6 லட்சம் பங்குகளை வாங்கிவிடலாம். மிச்சம் 4 லட்சம். அதைத்தான் எண்ணிக்கையோடு கூட்டுவார்கள். சந்தை விலை 60க்குக் கீழே போனால் எதுவும் கூடாது. ஆகவே பங்கு விலை படுத்துக்கிடக்கும் காலத்தில், பங்குகள் பெருகி உங்கள் பங்கின் லாபம் சுருங்கும் ஆபத்து கணக்கில் சிறிதாகத் தெரியும்.

இந்தக் கூடுதல் பங்குகளைச் சேர்க்காமல் வகுப்பது அடிப்படை இபிஎஸ். ஆப்பிளுக்கு 2023இல் அது 6.16, டைலூட்டட் 6.13; இடைவெளி அற்பம். ஊழியர்களுக்குப் பங்காகவே சம்பளம் அள்ளித்தரும் இளம் நிறுவனங்களில்தான் இது அகலும். அவை நஷ்டத்தில் இருந்தால் இன்னொரு சிக்கல்: கூடுதல் பங்குகளைச் சேர்த்தால் ஒரு பங்குக்கான நஷ்டம் குறைந்து காட்டும் என்பதால், விதிப்படி அவற்றைச் சேர்ப்பதில்லை. அப்போது இரண்டு இபிஎஸ்ஸும் ஒன்றாகவே இருக்கும். நிலுவையில் எத்தனை உரிமைகள் இருக்கின்றன என்பதைக் கணக்குக் குறிப்புகளில்தான் தேட வேண்டும்.