மாற்குவின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள்: வெட்டியதா, ஒட்டியதா?

"மாற்கு 16:9-20 மிகப் பழைய பிரதிகளில் இல்லை என்கிறார்களே, யாராவது வேண்டுமென்றே நீக்கிவிட்டார்களா?"

நீக்கியதாகத் தெரியவில்லை, பின்னால் சேர்த்ததாகத்தான் தெரிகிறது.

இந்த அதிகாரம் உள்ள கிரேக்கப் பிரதிகளில் மிகப் பழையவை வத்திக்கான் பிரதியும் சினாய் பிரதியும். இரண்டும் 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இரண்டிலும் 8ஆம் வசனத்தோடு நூல் முடிந்து, அதன் கீழே நூலின் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது. அதனால் அந்தப் பிரதிகளில் தாள் கிழிந்து காணாமல் போனது என்று சொல்ல வழியில்லை. வத்திக்கான் பிரதியில் மட்டும் ஒரு வேடிக்கை: மாற்கு முடிந்ததும் பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு முழு எழுத்து வரிசை வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. எழுதியவருக்கு நீண்ட முடிவும் தெரிந்திருக்கலாம் என்று சிலர் ஊகிக்கிறார்கள். ஆனால் அவருடைய வழக்கமான எழுத்தளவில் பன்னிரண்டு வசனமும் அந்த இடத்தில் அடங்காது.

ஒட்டு போட்ட இடம் வாசிக்கும்போதே தெரியும். 8ஆம் வசனத்தில் ஓடுகிறவர்கள் பெண்கள். 9ஆம் வசனம் கிரேக்கத்தில் இயேசுவின் பெயரைக்கூடச் சொல்லாமல் "எழுந்த பின்பு" என்று தொடங்குகிறது. அப்புறம், மகதலேனா மரியாளை "ஏழு பிசாசுகள் நீங்கின" பெண் என்று புதிதாக அறிமுகப்படுத்துகிறது. அவர் அதே அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே வந்துவிட்டாரே! ஒரே ஆள் எழுதிய தொடர்ச்சி என்றால் இப்படி வந்திருக்காது.

சேர்க்க ஏன் தோன்றியது? தமிழில் படிக்கும் நமக்கு அது உறைக்காது. பயந்திருந்தபடியினால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை என்று நம் மொழிபெயர்ப்பில் வாக்கியம் இயல்பாக முடிந்துவிடுகிறது. கிரேக்கத்தில் பயம்தான் கடைசியில் நிற்கிறது: "எஃபொபூன்டோ கார்", அதாவது "பயந்தார்கள், அதனால்தான்". அந்தக் "கார்" என்ற சின்னச் சொல்லோடு ஒரு நூலே முடிகிறது. உயிர்த்தெழுந்தவரை யாரும் பார்க்கவில்லை, கலிலேயாவில் காண்பீர்கள் என்ற வாக்கும் அந்தரத்தில் நிற்கிறது. மத்தேயு, லூக்கா, யோவான் எல்லாம் கையில் இருந்தவர்களுக்கு இது குறையாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. லூக்கா விரிவாகச் சொல்லும், எம்மாவு வழியில் நடந்த இருவரின் கதை இங்கே இரண்டே வசனத்தில் வந்து போவதைப் பாருங்கள்.

இதைவிட எனக்குப் பெரிய சாட்சி வேறொன்று. போபியென்ஸிஸ் என்ற பழைய லத்தீன் பிரதியில் 8ஆம் வசனத்துக்குப் பின் முற்றிலும் வேறான ஒரு குட்டி முடிவு இருக்கிறது. நீண்ட முடிவு ஆதியிலேயே இருந்திருந்தால், இன்னொன்றை எழுத யாருக்குத் தேவை வந்திருக்கும்?

ஆனால் இந்தச் சேர்க்கையும் பழையதுதான். சுமார் 180இல் ஆதிச் சபைத் தலைவர் இரேனியூ அதிலிருந்து 19ஆம் வசனத்தை மாற்குவின் முடிவு என்றே மேற்கோள் காட்டுகிறார். 4ஆம் நூற்றாண்டில் எழுதிய சபை வரலாற்றாசிரியர் யூசேபியுவோ, திருத்தமான பிரதிகள் 8ஆம் வசனத்தோடு முடிகின்றன என்கிறார். ஆக, இரண்டு வகைப் பிரதிகளும் ஒரே காலத்தில் சபைகளில் புழங்கியிருக்கின்றன.