தோஹாவில் இருக்கும் நண்பனிடம் சம்பளத்தை எப்படிக் கேட்பது?

தம்பி, என்.வி.கியூ. 4ஆம் மட்டத்தில் எலெக்ட்ரீசியன் பயிற்சியை முடித்திருக்கிறீர்கள். கூடப் படித்தவர் கத்தாரில், தோஹாவில் வேலை செய்கிறார். "மச்சான், அங்க வேலை ஏதும் இருக்கா? சம்பளம் எவ்வளவு? சமாளிக்கலாமா?" என்று வாட்ஸ்அப்பில் எழுதி வைத்துக்கொண்டு, அனுப்பட்டுமா என்று கேட்டீர்கள். இப்படியே அனுப்பாதீர்கள். "ஓம் மச்சான், பாப்பம்" என்றுதான் பதில் வரும். அவருக்கு விருப்பம் இல்லாமல் இல்லை. எதற்குப் பதில் சொல்வதென்று அவருக்கே விளங்காது.

முதலில், அவருடைய சம்பளத்தைக் கேட்க வேண்டாம். அதைச் சொல்ல யாருக்கும் கூச்சம் இருக்கும். அதோடு, சில வருடம் வேலை செய்த ஒருவருக்குக் கிடைப்பது உங்களுக்குத் தொடக்கத்தில் கிடைக்காது. "என்னைப் போலப் புதுசா வாற ஒருத்தனுக்கு எவ்வளவு குடுப்பினம்?" என்று கேளுங்கள். அதற்குத் தயங்காமல் சொல்வார்.

அடுத்தது, அடிப்படைச் சம்பளத்தைத் தனியாகக் கேட்க வேண்டும். கத்தாரில் 2021 மார்ச்சிலிருந்து குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் மாதம் 1,000 ரியால். கம்பனி தங்குமிடம் தராவிட்டால் 500 ரியாலும், சாப்பாடு தராவிட்டால் 300 ரியாலும் அதற்கு மேல் தர வேண்டும். ஆகவே ஒருவர் 1,000 என்றும் இன்னொருவர் 1,800 என்றும் சொன்னால், இரண்டும் ஒரே வேலையாகவே இருக்கலாம். முதலாமவருக்கு அறையும் சாப்பாடும் கம்பனி தருகிறது, அவ்வளவுதான்.

அடிப்படைச் சம்பளத்தை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஓவர்டைம் காசும், வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடையும் அதை வைத்துத்தான் கணக்கிடப்படும். இரண்டு கம்பனிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் அறை தருகின்றன, இரண்டிலும் கைக்கு 1,600 ரியால். ஒன்றில் அடிப்படை 1,000, மிச்சம் 600 சாப்பாடும் வேறு படிகளும். மற்றதில் அடிப்படை 1,300, சாப்பாட்டுக்கு 300. மாதம் 50 மணிநேரம் ஓவர்டைம் செய்கிறீர்கள் என்று வைப்போம். நாளுக்கு 8 மணி, 30 நாள் என்று அடிப்படையை 240 மணிநேரத்தால் வகுத்து, சட்டப்படி கால்பங்கு கூட்டினால், முதல் கம்பனியில் சுமார் 260 ரியால் வரும், மற்றதில் சுமார் 338. பணிக்கொடை வருடத்துக்குக் குறைந்தது மூன்று வாரச் சம்பளம். அது ஒன்றில் 700, மற்றதில் 910. இரண்டு வருடத்தில் வித்தியாசம் ஏறக்குறைய 2,300 ரியால். "1,600 தருவினம்" என்ற ஒரு வரியில் இது எதுவும் தெரியாது.

வாழ்க்கைச் செலவையும் இதே மாதிரித்தான் கேட்க வேண்டும். "அங்க விலைவாசி எப்பிடி?" என்றால் "எல்லாம் விலைதான்" என்பார். அறையும் போக்குவரத்தும் கம்பனியுடையதா, ஒரு அறையில் எத்தனை பேர், சேர்ந்து சமைத்தால் ஆளுக்கு மாதம் எவ்வளவு, போனுக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

இனி மெசேஜை இப்படி எழுதலாம்:

"மச்சான், சுகமா இருக்கிறியா? நான் என்.வி.கியூ. 4 எலெக்ட்ரீசியன் முடிச்சிட்டன். உன்னட்ட வேலை எடுத்துத் தரச் சொல்லிக் கேக்கேல்ல, விபரம்தான் வேணும். என்னைப் போலப் புதுசா வாறவனுக்கு பேசிக் எவ்வளவு, ஓவர்டைம் வழமையா கிடைக்குமா? அறையும் சாப்பாடும் கம்பனியா? சேந்து சமைச்சா மாசம் ஆளுக்கு எவ்வளவு முடியும்? உங்கட கம்பனி இப்ப ஆள் எடுக்குதா, எடுத்தா எந்த ஏஜென்சி மூலம்? நேரம் கிடைக்கேக்க வொய்ஸில சொல்லு."

வேலை கேட்கவில்லை என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அது இருந்தால் அவருக்குப் பாரம் இறங்கிவிடும், மனம் திறந்து சொல்வார். வெள்ளிக்கிழமை அங்கே பொதுவாக விடுமுறை. நேரமும் நம்மைவிட இரண்டரை மணி பின்தங்கியது. ஆகவே வெள்ளி இரவு நம் எட்டு மணிக்கு அனுப்புங்கள், அவருக்கு அப்போது மாலை ஐந்தரை.

கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை மட்டும் கவனமாகப் பாருங்கள். "விசிட் விசாவில வா, பிறகு மாத்தலாம்" என்றால், அல்லது ஊரில் ஒருவரிடம் விசாவுக்குக் காசு கட்டச் சொன்னால், அங்கேயே நிறுத்துங்கள். நண்பர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்வார், ஆனால் அவரும் யாரோ சொன்னதைத்தான் சொல்கிறார். ஏஜென்சியின் பெயரை வாங்கி, அதற்கு உரிமம் இருக்கிறதா, அந்த வேலைக்கு அனுமதி பெற்றிருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் கேளுங்கள். 1989க்கு அழைத்தால் போதும். எல்லாம் சரி என்றால், கொழும்பில் உள்ள கத்தார் விசா நிலையத்தில் மருத்துவப் பரிசோதனையும் ஒப்பந்தக் கையெழுத்தும் நடக்கும். அங்கே ஒப்பந்தத்தில் முதலில் அடிப்படைச் சம்பள வரியைத் தேடுங்கள். ஏஜென்சி சொன்ன தொகையைவிட அது குறைவாக இருந்தால் கையெழுத்து வைக்காமல், ஏன் என்று அங்கேயே கேளுங்கள்.