இறங்க மறுத்த வரைபு

"கம்பஸ் முதலாம் வருடம். ஈ.கோலை பற்றீரியாவை 37 பாகையில் வளர்த்து, அரை மணிக்கொரு தரம் ஒளிமானியில் ஓ.டீ. என்ற ஒளியடர்த்தி எடுத்தேன். வரைபு ஏறி, மட்டமாக நின்றுவிட்டது. அடுத்த நாளும் இறங்கவில்லை. இரட்டிக்கும் நேரம் 50 நிமிடம் வருகிறது, நோட்ஸில் 20. பரிசோதனை பிழையா?"
– மாணவி, கோண்டாவில்

பிள்ளை, பரிசோதனை சரி. கணக்கில்தான் ஒரு சறுக்கல்.

நீங்கள் அனுப்பிய அட்டவணையில் முதல் ஒரு மணி நேரம் 0.05இலிருந்து 0.06 மட்டுந்தான். அது தயக்க அவத்தை. கலங்கள் புது ஊடகத்துக்குப் பழகுகின்றன, பிரிவதில்லை. 180ஆவது நிமிடத்தில் 0.62. இந்த இரண்டு முனைகளையும் பிடித்து வகுத்ததால் சும்மா இருந்த நேரமும் கணக்கில் ஏறிவிட்டது. ஓ.டீ.யை அரைமடக்கைத் தாளில் கீறுங்கள். 90, 120, 150 நிமிடங்களில் 0.10, 0.20, 0.39 மூன்றும் ஒரே நேர்கோட்டில் விழும். மடக்கை அவத்தை அதுதான். 0.10, 0.20 ஆக எடுத்தது 30 நிமிடம். உங்கள் விடை அது. 20 நிமிடம் என்பது சத்தான ஊடகத்தில், குலுக்கிக்கொண்டே வளர்க்கும்போது கிடைப்பது. அரை மணிக்கொரு தரம் வெளியே எடுத்து ஆறவிட்ட குழாயிடம் அதை எதிர்பார்க்கலாமா?

இனி, வரைபு இறங்கும் என்று நீங்கள் காத்திருந்த இறப்பு அவத்தை. ஒளிமானி உயிரை எண்ணுவதில்லை, கலங்கலை அளக்கிறது. செத்த கலமும் உடைந்து கரையும் வரை ஒளியை மறைத்துக்கொண்டுதான் இருக்கும். ஆகவே பாதிக்கு மேல் செத்தாலும் ஓ.டீ. அசையாமல் நிற்கலாம். உயிருள்ளதை அறிய ஐதாக்கி ஏகார் தட்டில் பரப்ப வேண்டும்; உயிருள்ள கலந்தான் அங்கே கொலனியாக வளரும். பத்து லட்சத்தில் ஒன்றாக ஐதாக்கியதில் 0.1 மில்லிலீற்றர் பரப்பி, 52 கொலனி வந்தது என்று வையுங்கள்: மூலக் குழாயில் மில்லிலீற்றருக்கு 52 கோடி. இரண்டு நாள் கழித்து அதே ஐதாக்கலில் 4 கொலனிதான் வந்தால் அந்தத் தட்டை நம்பாதீர்கள். 30க்குக் குறைந்தால் தற்செயல் ஆட்டம் அதிகம். லட்சத்தில் ஒன்றின் தட்டை எண்ணுங்கள். அங்கே 41 என்றால் 4 கோடிச் சொச்சம். ஓ.டீ. காட்டாத இறக்கம் இங்கே தெரியும்.

ஒரு எச்சரிக்கை. போட்டோக்கொப்பிக் கடைகளில் 'ரெடிமேட் ரிப்போர்ட்' விற்கிறார்கள். ஓ.டீ. அச்சிலேயே நாலு அவத்தையும் மலைபோல ஏறி இறங்கும். என்னிடம் ஒரே வருடத்தில் ஒரே மலை பதினொரு பேரிடமிருந்து வந்தது. இறங்கும் நாலாம் கோடு இல்லாவிட்டால் மதிப்பெண் வெட்டும் புள்ளித்திட்டம் இருக்கும்வரை அந்தக் கடைக்காரருக்கு என்ன கவலை? நீங்கள் அந்தக் கோட்டைக் கீறாதீர்கள். வரைபின் கீழே 'கலங்கல் அளவீடு. உயிர்க்கல எண்ணிக்கை எடுக்கப்படவில்லை' என்று எழுதிக் கொடுங்கள்.